பட்டறை ஷெட் கூரை: டிரஸ் லேஅவுட், மெம்பர் சைஸ், பிளேட், பர்லின் குறிப்பு

இடம்: கிருஷ்ணகிரி – காவேரிப்பட்டினம் சாலை, டிராக்டர் டிரெய்லர் பட்டறை
யாருக்கு: ஃபேப்ரிகேஷன் மேஸ்திரி அண்ணனுக்கும் சைட் சூப்பர்வைசருக்கும்
அளவுகள் எல்லாம் மி.மீ.; வேறாக இருந்தால் அங்கேயே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, வரைபடத்தோடு இதையும் சேர்த்துப் படித்துவிட்டு ஆங்கிள் வெட்டுங்கள்.

ஷெட் 9 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம், இரண்டுமே தூண் நடுவிலிருந்து நடுவுக்கு. தூண் 300×300 கான்கிரீட், உயரம் 4.5 மீட்டர். டிரஸ் 4.5 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் 5. இரண்டு முனையிலும் அதே டிரஸ்தான். லோடு பாதி என்று அதை மெலிதாகச் செய்ய வேண்டாம். பின்னால் ஷெட்டை நீட்டினால் அது நடு டிரஸ் ஆகிவிடும்.

முதலில் காற்று. இந்தக் கூரை கீழே உட்காருவதைவிட மேலே பிய்த்துக்கொண்டு போகத்தான் அதிகம் முயலும். ஷீட், பர்லின், டிரஸ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ வராது. காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்று எடுத்திருக்கிறேன். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் பெங்களூருக்கு 33 போட்டிருக்கிறது. சித்திரை, வைகாசியில் மாங்காயை உதிர்க்கிற காற்றைப் பார்த்தவன் நான், குறைக்க மனசு வரவில்லை. தெற்கு முகப்பில் 4.5 மீட்டர் ரோலிங் ஷட்டர் வேறு இருக்கிறது. அது திறந்திருக்கும்போது உள்ளே புகும் காற்றையும் சேர்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 110 கிலோ மேல்நோக்கி இழுக்கும். சொந்த எடையைக் கழித்த பிறகும் ஒவ்வொரு டிரஸ் முனையிலும் 1.8 டன் தூக்கல் நிற்கிறது.

இதனால் ஒரு விஷயம் தலைகீழாகிறது. சாதாரண எடைக்குப் பாட்டம் டை இழுவையில் இருக்கும். காற்று தூக்கும்போது அதே டை அமுக்கத்துக்குப் போகிறது. கடைசிப் பேனலில் ஏறக்குறைய 4.8 டன். பக்கவாட்டில் பிடிப்பு இல்லாவிட்டால் வளைந்துவிடும். “கீழே சும்மா டைதானே” என்று ஒற்றை ஆங்கிளில் முடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டிரஸ் வடிவம்

நடு உயரம் 1500, அதாவது மூன்றுக்கு ஒன்று சாய்வு. ராஃப்டர் ஒரு பக்கம் 4743. கீழே இடமிருந்து வலமாகக் கீ0 முதல் கீ8 வரை 1125-க்கு ஒரு புள்ளி. அவற்றுக்கு நேர் மேலே மே1 முதல் மே7. மே4 தான் உச்சி. நிமிர்ந்த மெம்பர்கள் ஓரத்திலிருந்து 375, 750, 1125, நடுவில் 1500. சாய்வு மெம்பர்கள் எல்லாம் மேலிருந்து நடுப்பக்கம் பார்த்து இறங்க வேண்டும்: மே1–கீ2 1186, மே2–கீ3 1352, மே3–கீ4 1591. மறுபக்கமும் அதேபோல் கீ4-ஐப் பார்த்து. திருப்பிப் போட்டுவிடாதீர்கள். இந்த அமைப்பில் காற்று தூக்கும்போது நீளமான சாய்வுகள் இழுவையில் இருக்கும், குட்டையான நிமிர்வுகள் அமுக்கத்தைத் தாங்கும்.

இவை சென்டர் லைன் அளவுகள். 65 ஆங்கிளுக்கு முதுகிலிருந்து 18, 50 ஆங்கிளுக்கு 14.5 தள்ளி அந்தக் கோடு ஓடும். தரையில் முழு அளவில் சாக்பீஸில் போட்டு, பிளேட்டை வைத்துப் பார்த்த பிறகே வெட்டும் நீளம் எடுங்கள்.

மெம்பர்கள் (ஐ.எஸ். 2062, இ250 தரம்)

ராஃப்டர்: இரட்டை ஆங்கிள் 65×65×6, முதுகோடு முதுகு, இடையில் 8 பிளேட்.
பாட்டம் டை: அதே 65×65×6 இரட்டை.
நிமிர்வு, சாய்வு எல்லாம்: ஒற்றை ஆங்கிள் 50×50×6.

இரட்டை ஆங்கிளில் ஒவ்வொரு பேனல் நடுவிலும் 8 மி.மீ. பேக்கிங் துண்டு ஒன்று வைத்து வெல்டு செய்யுங்கள்.

பாட்டம் டை 9 மீட்டர், கடையில் கிடைப்பது 6 மீட்டர் லெங்த். ஒரு ஆங்கிளை இடமிருந்து 6 மீட்டரிலும், அதன் ஜோடியை வலமிருந்து 6 மீட்டரிலும் ஒட்டு போடுங்கள். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் விழாது, புள்ளி மேலும் வராது. ஒட்டின் உள்ளே 300 நீளத்துக்கு 65×65×6 துண்டு, முதுகைக் கிரைண்ட் செய்து ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் துண்டுக்கு ராஃப்டர் வெட்டிய மிச்சம் போதும். கணக்குப்படி டிரஸ் ஒன்றுக்கு 65 ஆங்கிள் 7 லெங்த், 50 ஆங்கிள் 3 லெங்த். வாங்கும் ஆங்கிள் எடை மட்டும் ஏறக்குறைய 325 கிலோ.

பிளேட்டும் வெல்டும்

கஸ்ஸெட் எல்லாம் 8 கனம். கீ0, கீ8 முனையில் 400×250; உச்சி மே4-ல் 400×300; கீ4-ல் 300×200; மற்றவை 200×200, மூலைகளை வெட்டிவிடலாம். ஃபில்லெட் 4 மி.மீ. ஆங்கிள் கனம் 6 தான் என்பதால் உருண்ட ஓரத்தில் இதற்குமேல் ஏற்றினால் ஓரம் கரையும். முனையில் ஒவ்வொரு 65 ஆங்கிளுக்கும் மொத்தம் 150 நீளம், 50 ஆங்கிளுக்கு இரண்டு ஓரத்திலும் 60, 60. ஸ்லாக் தட்டிவிட்டுப் பார்த்த பிறகே ரெட் ஆக்ஸைடு.

பேஸ் பிளேட் 220×220×12. 16 மி.மீ. ஆங்கர் போல்ட் 4, நடுவிலிருந்து நடுவுக்கு 120×120. கான்கிரீட்டுக்குள் 400, அடியில் ஜே வளைவு. தூண் கம்பிக்கூட்டுக்கு உள்ளே போல்ட் நிற்க இந்த 120 தேவை. அகலப்படுத்தினால் மூலைக்கம்பியில் இடிக்கும். தூணுக்குக் கான்கிரீட் போடும் அன்று தகடு டெம்ப்ளேட் கட்டாயம். ஒரு பக்கப் பிளேட்டில் ஓட்டை 18×30 நீள்வட்டம், வெயிலில் இரும்பு நீளுவதற்கு.

பர்லின்

சி பர்லின் 150×50×20×2.5. சாய்வு வழியே 1186-க்கு ஒன்று, ஒவ்வொன்றும் டிரஸ் புள்ளி மேலேயே உட்கார வேண்டும். இரண்டு புள்ளிக்கு நடுவில் வைத்தால் ராஃப்டர் வளைவுக்குப் போகும். இந்த ராஃப்டர் அதற்குக் கணக்கிடப்படவில்லை. ஒரு பக்கம் 5 வரிசை, மொத்தம் 10. உச்சி வரிசை மட்டும் ரிட்ஜிலிருந்து 120 கீழே இறங்கும். பர்லின் வாய் உச்சியைப் பார்க்கட்டும். கிளீட் 75×75×6 ஆங்கிள், 12 மி.மீ. போல்ட் இரண்டு, வெல்டு அடித்து முடித்துவிட வேண்டாம். ஒவ்வொரு 4.5 மீட்டர் பே நடுவிலும் 12 மி.மீ. சாக் ராடு. இரண்டு முகப்பிலும் பர்லின் 300 வெளியே நீளும், ஆக ஒரு வரிசை 18.6 மீட்டர்.

ஷீட் 0.50 கலர் கோட்டட், நீளம் 5.05 மீட்டர், நடுவில் ஒட்டு இல்லாமல். ஓரத்திலும் உச்சியிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. நடு வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

பிடிப்பு

கீ2, கீ4, கீ6 புள்ளிகளில் ஷெட் நீளம் முழுக்க 50 என்.பி. மீடியம் பைப் டை ரன்னர். பாட்டம் டையைப் பக்கவாட்டில் பிடிப்பது இதுதான். இரண்டு கடைசிப் பேயிலும் ராஃப்டர் மட்டத்திலும் பாட்டம் டை மட்டத்திலும் 50×50×6 குறுக்குப் பிரேசிங். அது இல்லாவிட்டால் ரன்னர் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகரும்.

ஓனர் கீ4-ல் செயின் பிளாக் மாட்டக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன், நீங்களும் கொக்கி வைத்துத் தராதீர்கள். டிரெய்லர் அச்சைத் தூக்கத் தனியாக ஒரு நகரும் கேன்ட்ரி போட்டுக்கொள்ளட்டும்.

ஏற்றும்போது முதல் இரண்டு டிரஸையும் நிறுத்தி, ரன்னர், பர்லின், பிரேசிங் போட்டு இறுக்கிய பிறகே மூன்றாவது. அதுவரை கயிறு அவிழ்க்க வேண்டாம். முதல் டிரஸைத் தரையில் டேக் வெல்டு மட்டும் அடித்து வையுங்கள், நான் வந்து அளந்த பிறகு முழு வெல்டு. அதையே ஜிக்காக வைத்து மற்ற நான்கையும் செய்யலாம்.