எந்தப் பாட்டில் இருக்கிறது?

தம்பி கணக்கில் கோட்டை விட்டதும் தாத்தா, "எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்னு வள்ளுவரே சொல்லிட்டார்" என்றார். "அது ஔவையோட பழமொழிங்க" என்று பாட்டி மறுக்க, அப்பா தாத்தா பக்கம், அம்மா பாட்டி பக்கம், சாப்பாடு ஆறிப்போனது.

பத்தாவது படிக்கும் கயல் பேசாமல் போய்த் திருக்குறள் சொல்லடைவை எடுத்து வந்தாள். எந்தச் சொல் எந்தக் குறளில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் புத்தகம் அது, எவ்வளவு உழைப்பு அதில்! 'எழுத்து' என்பதற்கு நேரே 1, 392 என்று இருந்தது. முதலாவது அகர முதல. அடுத்ததைச் சத்தமாகப் படித்தாள்: "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் கண்ணென்ப வாழும் உயிர்க்கு."

"கருத்து வள்ளுவர்கிட்டயும் இருக்கு தாத்தா, ஆனா நீங்க சொன்ன வரி கொன்றைவேந்தன், ஏழாவது அடி."

தாத்தா கண்ணாடியை மாட்டி இரண்டையும் பார்த்தார். "சரி, உங்க பாட்டி சொன்னதுதான்" என்றவர், "அந்தப் புத்தகத்தை இங்கேயே வை, எனக்கு இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு" என்றார்.