பின்னேர வைஃபை: ஆண்கள் விடுதி மேல்மாடியிலிருந்து

வணக்கம் சேர்,

ஆண்கள் விடுதி 21ஆம் அறையிலிருந்து எழுதுகிறேன். வைஃபை அடிக்கடி போகுது என்று வார்டன் மூலமாக இரண்டு தரம் சொல்லிவிட்டோம். நீங்களும் ஒருநாள் காலமை பத்து மணிக்கு வந்து பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கு என்றீர்கள். காலமை சரிதான் சேர், அதில் பிழை இல்லை. பொழுதுபட்ட பிறகுதான் கூத்து. போன கிழமை திங்கள் முதல் சனி வரை ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதிப் பார்த்தேன், பார்த்தால் இது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு.

முதலாவது சின்னது. திங்கள் 6.32, செவ்வாய் 6.28, புதன் 6.40, வியாழன் 6.31க்கு 17 முதல் 24 வரையான அறைகளில் எல்லாருக்கும் ஒரே நேரம் இணைப்பு அறுந்தது. மூன்று நான்கு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. கீழ்மாடியில் ஒருவருக்கும் போகவில்லை. தண்ணித் தாங்கிக்கு மோட்டர் போடும் நேரமும் அதுதான், மேல்மாடி லைட் எல்லாம் ஒருக்கா மங்கி எழும்பும். புதன்கிழமை 19ஆம் அறை வாசலில் நின்று பார்த்தேன், மோட்டர் சத்தம் கேட்ட கையோடு மேலே இருக்கிற அக்சஸ் பொயின்டின் பச்சை லைட் அணைந்தது. அதற்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுதான் எங்களைக் கொல்லுகிறது. திங்கள் 7.20 முதல் 10.40 வரை, செவ்வாய் 7.10 முதல் 10.30 வரை, புதன் 7.25 முதல் 10.35 வரை, வியாழன் 7.15 முதல் 10.40 வரை. சிக்னல் முழுசாக நிற்கும், ஆனால் புதிதாக இணைய ஏலாது. 21இல் என்னுடைய விண்டோஸ் லப்டொப், 22இல் ஒரு ஆண்ட்ராய்டு போனும் ஒரு டேப்லெட்டும், கீழே 4, 7ஆம் அறைகளில் ஒவ்வொரு லப்டொப், 7இல் ஒரு ஐபோன், எல்லாம் ஒரே கதை. ஆண்ட்ராய்டு போனில் "Obtaining IP address" என்றபடி நின்றுவிடும். ஆனால் 18ஆம் அறைக்காரன் ஐந்து மணிக்கே வந்து இணைந்தவன், அவனுக்கு அந்த மோட்டர் அறுப்பைத் தவிர இரவு முழுக்க ஒரு குறையும் இல்லை, அதே அக்சஸ் பொயின்டில். விளையாடிவிட்டு 7.30க்கு வருகிறவனுக்குத்தான் இல்லை. அப்போது என் லப்டொப்பில் `ipconfig` அடித்தால் இதுதான் வருகிறது:

```
Autoconfiguration IPv4 Address: 169.254.83.17
Subnet Mask: 255.255.0.0
```

169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி முகவரி கொடுக்கவில்லை, லப்டொப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்லா வேலை செய்யும் நேரம் பார்த்தால் மாஸ்க் 255.255.255.0, `ipconfig /all` இல் லீஸ் நான்கு மணித்தியாலம். அந்த மாஸ்க்குக்கு 254 முகவரிதான். விடுதியில் நாங்கள் 124 பேர், அநேகம் பேரிடம் போனும் லப்டொப்பும். அதற்கு மேல், பின்னேரம் கீழே படிப்பு மண்டபத்துக்கு வருகிற வெளிப் பிள்ளைகளும் இதே வைஃபைதான். அவர்கள் ஆறரைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாலும் அவர்களுடைய போன்கள் வாங்கின முகவரிகள் பத்தரை வரைக்கும்கூட ஆருக்கும் இல்லாமல் பிடிபட்டுக் கிடக்கும். எங்களுக்குத் திரும்பி வருவதும் பத்தரைக்குத்தானே.

இன்னொன்று. சனிக்கிழமை முல்லைத்தீவு, மாங்குளம், மன்னார்ப் பெடியள் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள், மண்டபமும் பூட்டு. அன்றைக்கு 6.35க்கு மோட்டர் அறுப்பு மட்டும் வந்தது, ஏழு மணிக்குப் பிறகு ஒருதரம்கூடப் போகவில்லை. ரூட்டர் பழசு, லைன் போதாது என்றெல்லாம் இங்கே பேசிக்கொள்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

லீஸை ஒரு மணித்தியாலமாகக் குறைத்துப் பார்க்கலாமா சேர்? இல்லாவிட்டால் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கினால் 510 முகவரி வரும். மண்டபத்தைத் தனி வலையமைப்பாகப் பிரித்தாலும் சரி, எது உங்களுக்கு லேசோ அது. நான் சொல்வது பிழையாகவும் இருக்கலாம், டிஎச்சிபி பதிவில் இரவு 7.30க்கு எத்தனை முகவரி மிச்சம் என்று ஒருக்கா பார்த்தால் தெரிந்துவிடும்.

வரும் வியாழன் இரவு ஒன்பதுக்குள் எங்கள் வருடத்துக்கு ஒரு அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். போன தரம் ரீலோட் போட்டுப் போன் டேட்டாவில் ஏற்றினோம், சிலர் மொட்டை மாடியில் ஏறி நின்று. அதற்கு முன் ஒரு வேலைநாளில் இரவு 7.30க்கு வந்தால் நல்லது. கொப்பியும் லப்டொப்பும் தயாராக இருக்கும், தேத்தண்ணியும்.

நன்றி சேர்.

கஜன்
இரண்டாம் வருடம், 21ஆம் அறை