மூணாவது லைன் நிறுத்தம்: பணியாளர்களிடம் வாசிக்கும் அறிவிப்பு

திருப்பூர் யூனிட், 10.9.2025, புதன், காலை 9 மணி. கட்டிங் ஹால்.

(மெஷின் எல்லாம் நின்ன பிறகுதான் ஆரம்பிக்கணும். இதே நேரத்துல செக்கிங் ஹால்ல சூப்பர்வைசர் இந்தியில வாசிப்பார். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. உட்கார இடம் இருக்கறவங்க உட்காருங்க. நல்ல சேதி இல்லை, அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன்.

அக்டோபர் 10-ஆம் தேதியோட நம்ம மூணாவது லைனை மூடறோம். இந்த யூனிட்ல 84 பேர் இருக்கோம். அதுல 31 பேருக்கு வேலை போகுது. 14 பேர் பெருமாநல்லூர் ரோட்டுல இருக்கற நம்ம இன்னொரு யூனிட்டுக்குப் போறாங்க. 39 பேர் இங்கயே இருப்பாங்க.

(நிறுத்து. யாராவது பேசினா பேச விடு.)

உங்க கைக்கு வர்ற கடிதத்துல 'மறுசீரமைப்பு'ன்னு எழுதியிருக்கும். அது ஆபீஸ் வார்த்தை. 31 வீட்டுல சம்பளம் நிக்குதுன்னுதான் அதுக்கு அர்த்தம்.

ஏன்னு கேப்பீங்க. மூணாவது லைன்ல நாலு ஃபிளாட்லாக் மெஷின் ரெண்டு வாரமா துணி போட்டு மூடியிருக்கறதை எல்லாருமே பார்த்துட்டுத்தான் இருக்கீங்க. ஆகஸ்ட் 7-ல இருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டாங்க, 27-ஆம் தேதி அதை 50 ஆக்கினாங்க. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். நம்ம அமெரிக்க பையர், குளிர்கால ஆர்டரை மொதல்ல நிறுத்தி வைச்சார், போன வாரம் கேன்சல் பண்ணிட்டார். விலையைக் குறைச்சுக் கொடுத்துப் பார்த்தோம். நூல் விலைக்கும் சாயக் கூலிக்கும் கூட கட்டலை.

வரி நம்ம கையில இல்லை. ஆனா மூணு லைன்ல ரெண்டை ஒரே பையரை நம்பி ஓட்டினது எங்க தப்பு, அதுல என் பங்கும் இருக்கு. தைச்சவங்க மேலயோ, செக்கிங் பண்ணவங்க மேலயோ ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் ஒரு சரக்குகூட ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரலை.

போன வாரம் போர்டுல சேர்ந்த தேதி லிஸ்ட் ஒட்டினப்ப, எதுக்குன்னு சில பேர் கேட்டீங்க. 'சும்மா ரெக்கார்டுக்கு'ன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கணக்கு முடியலைன்னாவது சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க. அந்த லிஸ்ட்தான் இதுக்கு அடிப்படை. டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒவ்வொரு பிரிவுலயும் கடைசியா சேர்ந்தவங்கதான் முதல்ல போறாங்க. யாரு யாருக்கு வேண்டியவங்கன்னு பார்க்கலை. தேதியில தப்பு இருந்தா இன்னிக்கே காட்டுங்க, திருத்திடலாம்.

பேரை இங்க வாசிக்க மாட்டேன். அந்த 31 பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, மதியம் ஒரு மணிக்குள்ள நானே பேசிக் கடிதம் கொடுக்கறேன். அடுத்து 14 பேரை. ரெண்டு மணிக்கு மேலயும் உங்களைக் கூப்பிடலைன்னா, நீங்க இங்கயே இருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்ப பணக் கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் கவனமா கேளுங்க.

அக்டோபர் 10 வரைக்கும் வேலை உண்டு, சம்பளம் எப்பவும் போல சனிக்கிழமை. ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் ஈட்டுத்தொகை. அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு கிராஜுவிட்டி தனி. ஷிப்டுக்கு 520 ரூபா வாங்கற ஒருத்தர் ஆறு வருஷம் இருந்திருந்தா, ஈட்டுத்தொகை 46,800, கிராஜுவிட்டி 46,800, ரெண்டும் சேர்ந்து 93,600. போன வருஷத்து போனஸ் இதுக்கு மேல. எல்லாம் அக்டோபர் 10 அன்னிக்கே பேங்க் கணக்குல ஏறும், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி.

ஒரு வருஷம் ஆகாதவங்க 9 பேர் இருக்காங்க. சட்டத்துல அவங்களுக்கு ஈட்டுத்தொகை கிடையாது. முதலாளிகிட்டப் பேசி 15 நாள் சம்பளத்துக்கு ஒத்துக்க வைச்சிருக்கேன். நான் கேட்டது ஒரு மாசம். கிடைக்கலை.

அட்வான்ஸ் வாங்கினவங்க பயப்பட வேண்டாம். 5,000 வரைக்கும் தள்ளுபடி. அதுக்கு மேல இருந்தா உட்கார்ந்து பேசிக்கலாம், ஈட்டுத்தொகையில கை வைக்க மாட்டோம்.

முக்கியமா ஒண்ணு. யாரும் ராஜினாமா கடிதம் எழுதித் தராதீங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. அப்படி யாராவது கேட்டா, அது சூப்பர்வைசரா இருந்தாலும் சரி, நேரா என்கிட்ட வாங்க. நீங்களா வேலையை விட்டுப் போகலை, நாங்கதான் அனுப்பறோம். காகிதத்துலயும் அப்படித்தான் இருக்கணும், இல்லைன்னா ஈட்டுத்தொகைக்கே சிக்கல் வந்துடும்.

பி.எஃப். கணக்குல பேரு, ஆதார், பேங்க் நம்பர் சரியா இருக்கான்னு பார்க்க நாளையில இருந்து ஒருத்தர் டைம் ஆபீஸ்ல உட்காருவார். போன் எடுத்துட்டு வாங்க. ஈ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் உங்க பேர்ல கட்டின பணத்துக்கு, வர்ற ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் பலன் இருக்கு.

ஹாஸ்டல்ல இருக்கறவங்க அக்டோபர் 31 வரை தங்கலாம், சாப்பாடும் உண்டு. ஊருக்குப் போறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு கொடுங்க. தீபாவளி நெரிசல்ல டிக்கெட் கிடைக்காது, ஆபீஸ்லயே எடுத்துத் தர்றோம்.

பெருமாநல்லூர் போற 14 பேருக்கு அதே ஷிப்ட் ரேட், அதே சர்வீஸ். காலையில 7.45-க்கு இங்க கேட்ல இருந்து வேன். குழந்தையைப் பள்ளிக்கூடத்துல விடணும், ஒத்து வராதுன்னு இருந்தா சொல்லுங்க. போக முடியாதவங்களுக்கும் மத்தவங்களுக்குத் தர்ற அதே தொகை உண்டு.

இங்க இருக்கப் போறவங்களுக்கும் சொல்லணும். ரேட்ல கை வைக்கலை. ஆனா ஒன்றரை ஷிப்ட் இனி இல்லை, ஒரு ஷிப்ட்தான். கையில வர்ற காசு குறையும். வீட்டுக் கடன், சீட்டுன்னு கட்டறவங்க இப்பவே அதுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட்டுக்கோங்க.

மறுபடியும் ஆள் குறைப்பு வருமான்னு கேட்டா, டிசம்பர் வரைக்கும் ஐரோப்பா ஆர்டர் கையில இருக்கு. அதுக்கு அப்புறம் என்னால சத்தியம் பண்ண முடியாது. இங்கிலாந்து ஒப்பந்தம் ஜூலை 24-ல கையெழுத்தாச்சு, ஆனா இன்னும் நடைமுறைக்கு வரலை. அதை நம்பிக் கிடைக்கற வேலையை யாரும் விட்டுடாதீங்க. திரும்ப ஆள் எடுக்கறப்போ இந்த 31 பேருக்குத்தான் முதல் கூப்பிடு. அது சட்டம், கடிதத்துலயும் எழுதியிருக்கு. போன் நம்பரை மாத்தினா டைம் ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க.

வேற கம்பெனியில வேலை கேக்கப் போறவங்களுக்கு ஒரு மாசத்துக்குள்ள மூணு நாள் சம்பளத்தோட லீவு. அனுபவச் சான்றிதழ் இன்னிக்குக் கடிதத்தோடயே இருக்கும். எந்தெந்த மெஷின் ஓட்டுவீங்கன்னு ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன், விட்டுப் போயிருந்தா சொல்லுங்க.

இன்னிக்கு இனி மெஷின் ஓடாது. முழு ஷிப்ட் சம்பளம் உண்டு. வீட்டுக்குப் போன் பண்ணணும்னா பண்ணுங்க, கேட்ல யாரும் தடுக்க மாட்டாங்க. டீ வரும், டிபன் சொல்லியிருக்கேன்.

நான் பத்து மணி வரைக்கும் இந்த டேபிள்லயே நிக்கறேன். கோபமா கேக்கறதா இருந்தாலும் கேளுங்க. எனக்குப் பதில் தெரியாததை எழுதிக்கிட்டு, சாயங்காலத்துக்குள்ள போர்டுல ஒட்டறேன்.

யாரு முதல்ல கேக்கறீங்க?