சூசைக்கு, பாம்பனிலிருந்து

அன்புள்ள சூசை,

நேற்று இரவு தொலைபேசியில் கேட்டபோது, "ஒண்ணுமில்லைடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு பேசும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்பது, ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனுக்குத் தெரியாமல் போகுமா? தொலைபேசியில் பேசினால் நீ பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். வலி சற்று அடங்கியிருக்கும் நேரத்தில் நிதானமாகப் படி.

முதலில், உன் நெஞ்சில் கனத்துக்கொண்டிருப்பது கால் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நம் நாட்டுப்படகுகளுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். இந்த நேரம் பார்த்து இரண்டு வல்லத்துக்கு நடுவில் கால் சிக்கி எலும்பு முறிந்ததே என்று நீ படுத்தபடி நாளை எண்ணிக்கொண்டிருப்பாய். அதை எண்ணாதே. உன் வல்லம் கரையில் காய்ந்துகொண்டிருக்கவில்லை. உன் மச்சானும் தெற்குத் தெரு பையன்கள் இருவரும் நண்டு வலை கொண்டு போய் வருகிறார்கள். அவர்களுக்குரிய ஆள் பங்கைப் பிரித்துக் கொடுத்த பிறகு, படகுப் பங்கும் வலைப் பங்கும் அன்றன்று மாலையே உன் வீட்டுக்குப் போய்விடுகிறது. கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கடல் வேலை தெரியாத வாத்தியாரால் உனக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை நண்டு நன்றாகப் பட்டது. டீசல் செலவு போக, உன் இரண்டு பங்குமாகச் சேர்த்து 2,150 ரூபாய் வந்தது. புதன்கிழமை ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. கச்சான் காற்று எழத் தொடங்கியதும் தென்கடலில் அலை கூடிவிட்டது. வல்லத்தை அங்கேயே விட்டுவைத்தால் ஒன்றோடொன்று மோதி மறுபடியும் சேதமாகும் என்று, நீரோட்டம் சாதகமாக இருந்த நேரம் பார்த்து, பாலத்துக்கு அடியில் கடத்தி வடகடல் பக்கம் கொண்டு வந்து கட்டிவிட்டார்கள். நானும் கரையில் நின்று பார்த்தேன். உன் மச்சான் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, அது பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இறங்கினார். நீ செய்வதைப் பார்த்துப் பழகிய கை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் உனக்கு உபகாரம் செய்வதாக மட்டும் எண்ணிவிடாதே. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் பக்கம் வருகிறது என்று சொன்ன அன்று, உன் வல்லத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, ஆண்துணை இல்லாத வீட்டுப் படகுகளை முதலில் மேட்டுக்கு இழுத்துக் கட்டியவன் நீ. உன் படகைக் கடைசியாகத்தான் இழுத்தோம், அப்போது இருட்டிவிட்டது. இன்றைக்கு உன் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக் கொடுக்க விடியற்காலையில் வந்து உட்காரும் பெண்களில் இரண்டு பேர் அந்த வீட்டுக்காரர்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

அம்மாவைப் பற்றி நீ கேட்காமல் இருக்கமாட்டாய். நேற்று மாலை போனபோது வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிகூடப் போடாமல், கண்ணி கண்ணியாக ஊசியை ஓட்டுகிறார்கள். "அவன் வரும்போது வலை கிழிசலாக் கிடக்கக் கூடாது" என்றார்கள். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள்; பெரிய பிள்ளை எடுத்துக் கொடுக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றம் அவளுக்கு இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்வதில்லை. அந்த விஷயத்தில் அவள் அப்படியே உன்னை மாதிரிதான். முடிவு வரும் அன்று முதல் அழைப்பு உனக்குத்தான் வரும், கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

உன் மருத்துவக் காகிதங்களின் நகலையும் நல வாரியப் புத்தகத்தின் நகலையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். விபத்துக் காப்பீட்டில் மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை கேட்க இடமிருக்கிறது. வீட்டுக்கு வரும் அன்று தரும் சுருக்கக் குறிப்பை மட்டும் தொலைத்துவிடாதே. மீதி அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரை நச்சரிக்கிறாய் என்று தங்கச்சி வருத்தப்படுகிறாள். தயவுசெய்து அதை விட்டுவிடு. கம்பி வைத்து எலும்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், கூடி இறுகுவது எலும்பின் வேலை. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு நன்றாகக் கூடுவதற்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும். அதற்குள் ஆடுகிற பலகையில் ஏறி நின்று கயிற்றை இழுத்தால் பட்ட இடத்திலேயே படும். கால் விரலையும் கணுக்காலையும் அசைக்கச் சொல்லித் தந்திருக்கிறார்களாமே, வலித்தாலும் சொன்னபடி செய். ரத்தம் ஓட வேண்டும். அப்புறம் பீடி. புகை பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும் என்று டாக்டரே சொன்னாராம். இத்தனை வருடமாக நான் சொல்லி நீ கேட்டதில்லை, எனக்காக வேண்டாம், அந்தக் காலுக்காகவாவது விட்டுவிடு. பதினொரு நாள் பிடிக்காமல் இருந்துவிட்டாய். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீ என் சட்டையைப் பிடித்த பிடியை என்னால் மறக்க முடியவில்லை. நீ அப்படி யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை. அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்ன பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது. ஆகவே நீ எங்களுக்காகத் தைரியமாக இருப்பதுபோல் நடிக்க வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மதுரைக்கு வருகிறேன். அம்மா கருப்பட்டியும் ஒரு துவைத்த போர்வையும் கட்டி வைத்திருக்கிறார்கள். நுங்கும் வாங்கி வருகிறேன். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் சேர்த்தே வாங்குகிறேன், ராத்திரியில் உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர் அவர்தானாமே. நண்டு கேட்டாயாம், அது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு. ரயில் பாலத்தைக் கடக்கும்போது வடகடல் பக்கம் எட்டிப் பார்த்து, உன் வல்லம் எப்படி நிற்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன்,
கருணா