கம்பியில்லாக் கடைக்கால்: கடல் கடந்த கோயில்களும் கட்டட விதிகளும்

சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1983இல் புதிதாகக் கட்டப்பட்டது. இப்படிக் கடல் கடக்கும்போது, சிற்ப நூலின் அளவலகான மானாங்குல அளவு மாறாமல் கட்டும் பொருளும் கட்டட விதியும் மாறினால் கோயில் என்னவாகும்? ஹவாய் காவாய் தீவின் இறைவன் கோயிலை இக்கட்டுரை நெருங்கிப் பார்க்கிறது. பிள்ளையார்பட்டியில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த அந்தக் கருங்கல் கோயிலுக்கு, 1999இல் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் கடைக்கால் போட்டார்கள். இரும்புக் கம்பியே இல்லை. துருப்பிடித்தால் கான்கிரீட் வெடிக்கும் என்பது செட்டிநாட்டுக் கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்புறம் தீயணைப்பு, கட்டட விதிகள். ஹோமப் புகைக்கு அலறும் அலாரம், மண்டப விதானத்தில் தண்ணீர்த் தெளிப்பான், படிக்கட்டருகே சக்கரநாற்காலிச் சரிவு: இவற்றைச் சிற்ப நூல் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை என்பதே என் வாதம்.