அம்மாட நெஞ்சுக் குளிசையள் பற்றி

வணக்கம் அண்ணா, நான் யோகபுரத்தில இருந்து உங்கட மல்லாவி பாமசிக்கு வாற அம்மாட மூத்த மகள், கனடாவில இருந்து எழுதுறன். போன ஆவணியில ஸ்டென்ட் வைச்சவ, நீல மட்டை போட்ட கிளினிக் கொப்பியோட வாறவ, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

போன மாசம் நடந்ததை முதல்ல சொல்லுறன். கிளினிக்கில பிசோப்ரோலோல் 2.5 வட்டக் குளிசையாக் குடுத்திருக்கினம், வீட்டில ஏற்கனவே வேற கடையில வாங்கின கொன்கோர் 2.5 மிச்சம் இருந்தது. அது இதய வடிவத்தில இருக்குமெல்லோ, அம்மா அதுதான் நெஞ்சுக்கு, வட்டம் பிரஷருக்கு எண்டு நினைச்சு எட்டு நாள் விடிய விடிய ரெண்டையும் போட்டிருக்கிறா. ஒன்பதாம் நாள் கிணத்தடியில வாளியோட நிலத்தில இருந்திட்டா, தம்பி பிரஷர் மெசினில பார்க்க நாடி 46. வீடியோ கோலில ரெண்டு அட்டையையும் கமராவுக்கு கிட்டப் பிடிக்கச் சொல்லி வாசிக்கேக்கதான் எனக்கு விளங்கினது, ரெண்டும் ஒரே மருந்து.

அண்ணா, பிராண்ட் மாத்துறது எனக்குப் பிரச்சினை இல்ல, மலிவானதைக் குடுங்கோ, உள்ளுக்க அதே மருந்து அதே மில்லிகிராம் எண்டால் சரி. ஆனா மாத்துற அண்டைக்கு பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, "இதுக்குப் பதிலாத்தான் இது, ரெண்டையும் போடாதேங்கோ" எண்டு அம்மாட்ட வாயால சொல்லுங்கோ, என்வலப்பிலயும் மருந்தின்ர பேரைத் தமிழில பெரிசா எழுதிவிடுங்கோ. அவவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, நிறத்தையும் வடிவத்தையும் வைச்சுத்தான் போடுறவ.

இப்ப போடுறது: விடிய பிசோப்ரோலோல் 2.5, லோசார்டன் 50, மத்தியானம் சாப்பிட்டாப்பிறகு அஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, இரவு அட்டோர்வாஸ்டட்டின் 40. பிசோப்ரோலோல் இல்லையெண்டால் அட்டெனொலோலோ மெட்டோப்ரொலோலோ குடுத்துவிடாதேங்கோ, ஒரே குடும்பம் எண்டாலும் அது வேற மருந்து, அளவும் வேற, டொக்டர் எழுதினால்தான். குளோபிடோக்ரெல் ஒரு வருசத்துக்கு ஒருநாளும் விடக்கூடாது எண்டு சொல்லிவிட்டவை, ஸ்டொக் முடியப்போகுது எண்டால் ஒரு கிழமைக்கு முதலே எனக்கு வட்ஸ்அப் போடுங்கோ, காசு உடனே அனுப்புறன், கிளிநொச்சியில எண்டாலும் தம்பி போய் எடுப்பான்.

முழங்கால் நோ எண்டு டைக்ளோபினாக் கேட்டு வந்தா குடுக்காதேங்கோ, பரசிட்டமோல் குடுங்கோ. வயித்தெரிவுக்கும் ஒமெப்ரசோல் வேண்டாம், அது குளோபிடோக்ரெல்லின்ர வேலையைக் குறைச்சுப்போடும், டொக்டரைக் கேட்டு பான்டோப்ரசோல் தாறது நல்லம். நாக்குக்கு கீழ வைக்கிற குளிசையை அம்மா சேலைத்தலைப்பில முடிஞ்சு வைக்கிறா, அதை அந்தச் சின்னக் கண்ணாடிப் போத்திலோடயே வைக்கவேணும் எண்டு நீங்கள் சொன்னால் கேப்பா. என்னைவிட உங்கட சொல்லைத்தான் கேக்கிறவ அண்ணா.

ரெண்டு அட்டையின்ர படத்தையும் இதோட அனுப்பியிருக்கிறன். வாற திங்கள் அம்மா வருவா, மிச்சம் இருக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன், தயவுசெய்து கொட்டிப் பார்த்து வேண்டாததை எடுத்துவிடுங்கோ.

அன்புடன்,
அம்மாட மூத்த மகள், கனடா