அத்தைக்கு, தலையணையோடு படிக்க

அன்புள்ள அத்தை,

இதைப் படிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அப்படிப் பிடித்துக்கொண்டால் ஆபரேஷன் தையல் இழுக்காது என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்களாமே, உங்கள் சின்னவன் சொன்னான். கீழே மாமாவின் சமையலைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதனால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

போன் பண்ணாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மணி அடித்தால் நீங்கள் படுத்தபடியே எடுக்க மாட்டீர்கள். எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "நான் நல்லாத்தான் இருக்கேன் பாப்பா, நீ சாப்பிட்டியா" என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் இது எழுத்து. பதில் எல்லாம் வேண்டாம். படித்து முடித்ததும் சின்னவனிடம் சொல்லுங்கள், அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பி வைப்பான்.

"எப்படி இருக்கீங்க" என்றும் கேட்கப் போவதில்லை. அது உங்களிடம் கற்றுக்கொண்டதுதான். மூன்றாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது நீங்கள்தானே வந்து பக்கத்தில் இருந்தீர்கள். வந்தவர்கள் எல்லாம் "எப்படி இருக்கு, எரியுதா, அரிக்குதா" என்று கேட்டுக் கேட்டே எனக்கு அரிப்பை ஞாபகப்படுத்தினார்கள். நீங்கள் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. வேப்பிலையால் தடவிக்கொண்டே, "கொருக்குப்பேட்டை கேட்டாண்ட கூட்ஸ் வருது, சத்தத்த வெச்சு எத்தன பெட்டின்னு எண்ணு பார்க்கலாம்" என்பீர்கள். நான் நாற்பது என்றால் நீங்கள் நாற்பத்திரண்டு என்பீர்கள். சத்தத்தை வைத்துப் பெட்டியை எண்ண முடியுமா முடியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எண்ணிக்கொண்டே தூங்கிப்போனது நினைவிருக்கிறது.

சரி, இப்போது வீட்டு நிலவரம். இது சொல்லாவிட்டால் நீங்களே எழுந்து பார்க்கக் கிளம்புவீர்கள் என்று தெரியும்.

தண்ணீர்: விடியற்காலையில் சின்னவன் அடிக்கிறான். இரண்டு டிரம்மும் நிரம்பிவிடுகிறது. குடத்தைத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது அடிபம்புக்கும் பொருந்தும் அத்தை. "தூக்கத்தான் கூடாதுன்னாங்க, அடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்று நீங்கள் வழக்காடுவீர்கள் என்பதால், எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். அந்தப் பம்பின் கிறீச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். நேரம் தவறிக் கேட்டால் எனக்குத் தகவல் வந்துவிடும்.

மாவு: வாசலில் தொங்கும் அட்டையைத் திருப்பிவிட்டு, பின்பக்கத்தில் "ஜூன் மாதம் முதல் மாவு கிடைக்கும்" என்று சின்னவன் எழுதியிருக்கிறான். அவன் கையெழுத்தில் ஜூன் என்பது ஜீன் மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம். வாடிக்கைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வீட்டு ஆயா மட்டும் "கடைப் பாக்கெட் மாவுல இட்லி கல்லு மாதிரி வருது, அவ சீக்கிரம் எழுந்திரிக்கட்டும்" என்றாராம். அவர் கவலை அவருக்கு.

ஐந்தாம் தேதி சீட்டுப் பணத்தை நான் கட்டிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதி காப்பீட்டு அட்டையிலேயே கழிந்துவிட்டது. மீதியை அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவிடம் கணக்குக் கேட்காதீர்கள். தங்கச்சிக்குச் செய்ததற்குக் கணக்குச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்போது தலையணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மாமா உங்களை எழுப்பாமல் தானே ரசம் வைக்கப் போனாராம். எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "புளி எவ்ளோ" என்று கேட்டார். அம்மா "எலுமிச்சை அளவு" என்றார். மாமா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலாக வெட்டி உள்ளே போட்டுவிட்டார். அன்று உங்களுக்குப் பருப்புச் சாதம் மட்டும் வந்ததன் ரகசியம் அதுதான். சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாதான்பா இருக்கு" என்று சொன்னானாம். பிள்ளை தேறிவிட்டான்.

காசிமேட்டுப் பக்கம் போன ஞாயிறு போயிருந்தேன். தடைக்காலம் அல்லவா, விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்னொன்றில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னுகிறார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். உங்களுக்கு டாக்டர் சொன்னதோ ஆறு வாரம், அதிலும் ஒரு வாரம் ஓடிவிட்டது. படகெல்லாம் கடலுக்குப் போகும் முன்பே நீங்கள் கிரைண்டரைக் கழுவ ஆரம்பித்துவிடுவீர்கள். அக்னி நட்சத்திரத்தில் அடுப்படியில் வேகாமல் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறீர்கள், அதுவும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று. சாத்துக்குடியோடு வருபவர்கள் வரட்டும். "எங்க ஓரகத்திக்கும் இதே ஆபரேஷன்தான்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு, "அம்மா இப்பத்தான் தூங்கினாங்க" என்று சொல்ல சின்னவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அப்போது நீங்கள் உள்ளேயிருந்து "யாருடா அது" என்று குரல் கொடுக்காமல் இருந்தால் போதும். மாத்திரை வேளை, அடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள், எதற்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவனிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. உங்கள் பங்குக்கு ஒன்றே ஒன்று: வலித்தால் பல்லைக் கடிக்காமல் அவனிடம் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் டாக்டர் சொன்ன மாதிரி கூடத்திலேயே மெதுவாக நாலு நடை.

கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். டாக்டர் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்பதால், ஞாயிற்றுக்கிழமை நான் விரால் வாங்கி வருகிறேன். அது ஏரி மீன், அதற்கு ஏது தடைக்காலம். காரம் குறைத்து நானே குழம்பு வைக்கிறேன். புளியைப் பற்றி எனக்குத் தெரியும், பயப்படாதீர்கள். நங்கநல்லூரில் மெட்ரோ ஏறினால் தண்டையார்பேட்டையில்தான் இறங்குவேன், நடுவில் மாற வேண்டியதில்லை. பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன். எனக்காகக் காபி போட எழுந்தீர்கள் என்றால் வாசலோடு திரும்பிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால், கூட்ஸ் போகும்போது பெட்டியை எண்ணி வையுங்கள் அத்தை. ஞாயிற்றுக்கிழமை வந்து எத்தனை என்று கேட்பேன். நீங்கள் எது சொன்னாலும் நான் இரண்டு கூட்டித்தான் சொல்வேன்.

உங்கள்
பாப்பா